சொல்லாமல் வைக்கும் தேர்வு

கேள்வி: எனக்கு 31 வயது. பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் அதிகம் பேசாதவர். போன திருமண நாளன்று இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. மறுநாள் நான் அழுததும் கடைக்குப் போய் ஒரு புடவை வாங்கி வந்தார். அழுது வாங்கியது என்பதால் அதை உடுத்தவே எனக்கு மனம் வரவில்லை. அவர் பிறந்தநாளுக்கு நான் நள்ளிரவில் உறவினர்களை வரவழைத்துக் கேக் வெட்ட வைத்தேன். தன் அம்மாவின் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்ய மட்டும் அவர் ஒரு வருடமும் மறந்ததில்லை. என் தங்கை கணவர் ஒவ்வொரு திருமண நாளுக்கும் அவளை எங்காவது அழைத்துப் போகிறார். அவள் ஸ்டேட்டஸில் படங்கள் வரும்போது எனக்கு மனசு வலிக்கிறது. மற்றபடி எனக்கு உடம்புக்கு முடியாவிட்டால் விடுப்பு எடுத்துக் கூடவே இருப்பார். ஞாயிறுதோறும் என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு, டயரில் காற்றும் பார்த்து வைப்பார். அடுத்த மாதம் என் பிறந்தநாள். இந்த முறை எதையும் நினைவூட்டாமல் பார்க்கப் போகிறேன். அவராக எதுவும் செய்யாவிட்டால், என் மேல் அன்பு இல்லை என்று முடிவுக்கு வந்துவிடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரி,

வர வேண்டாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தேர்வையே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வருத்தம் நியாயமற்றது என்பதால் இதைச் சொல்லவில்லை; அந்தத் தேர்வின் விடை எதுவாக இருந்தாலும் நீங்கள் அறிய விரும்புவதை அது உங்களுக்குச் சொல்லாது என்பதால் சொல்கிறேன். ஒரு சோதனை எதையாவது நிரூபிக்க வேண்டுமென்றால், அன்புள்ளவர் நடந்துகொள்ளும் விதமும் அன்பற்றவர் நடந்துகொள்ளும் விதமும் அதில் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். நீங்கள் மௌனமாகக் காத்திருக்கும் அந்த நாளில் உங்கள்மீது உயிரையே வைத்திருக்கும் ஒருவரும் எதுவும் செய்யாமல் இருந்துவிடக்கூடும். போன முறை பார்த்த கண்ணீருக்குப் பயந்து, அன்பு குறைந்த ஒருவர் பெரிய கேக்கோடு வந்து நிற்கவும் கூடும்.

ஒருவர் தன் துணையின் பிறந்தநாளைக் கொண்டாடுவது வெளியிலிருந்து பார்க்க ஒரே செயலாகத் தெரிந்தாலும், அதற்குள் பல படிகள் இருக்கின்றன. முதலில் தேதி தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேதி வரும்போது, வேலைக்கும் அலைச்சலுக்கும் நடுவில், அது நினைவில் எழ வேண்டும். அந்த நாள் துணைக்கு எவ்வளவு முக்கியம் என்பது புரிந்திருக்க வேண்டும். என்ன செய்தால் துணைக்குப் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். கடைசியாக, அதைச் செய்யும்போது வரும் கூச்சத்தைத் தாங்கிக்கொள்ளவும் வேண்டும். பேசாத இயல்புள்ள ஆண்களுக்கு, நம் ஊர் வளர்ப்பில், இந்தக் கடைசிப் படி நாம் நினைப்பதைவிட உயரமானது. ஐந்தில் எந்தப் படி சறுக்கினாலும் வெளியில் தெரியும் விளைவு ஒன்றுதான்: அந்த நாளில் எதுவும் நடக்கவில்லை. அதைப் பார்த்து நீங்கள் அன்பில்லை என்று ஆறாவது காரணத்தை எழுதிக்கொள்கிறீர்கள். அது உண்மையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் மற்ற ஐந்தையும் விலக்கிய பிறகே அந்த இடத்துக்கு வர வேண்டும், மௌனமோ ஒன்றைக்கூட விலக்க உதவாது.

இங்கே உங்கள் மாமியாருக்கான அர்ச்சனையை நான் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. கடிதத்தில் உங்களை அதிகம் காயப்படுத்தியிருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு செயலை எதிர்காலத்தில் உரிய நேரத்தில் நினைவுகூர்ந்து செய்வதை உளவியலில் தனி வகை நினைவாற்றலாகவே ஆராய்கிறார்கள். அதில் தெளிவாகக் கண்டிருப்பது, வெளியிலிருந்து ஒரு தூண்டல் கிடைத்தால் மனிதர்கள் நன்றாக நினைவில் கொள்கிறார்கள், தூண்டல் எதுவும் இல்லாமல் மனமே எழுந்து நினைவூட்ட வேண்டிய இடத்தில் அதிகம் தவறுகிறார்கள் என்பதாகும். அர்ச்சனைக்குத் தூண்டல்கள் ஏராளம். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளில் அன்றைய நட்சத்திரம் அச்சாகியிருக்கிறது. முதல் நாளே வீட்டில் யாராவது சொல்கிறார்கள். சிறு வயதிலிருந்து அதே கோயிலுக்குப் போன பழக்கம் இருக்கிறது. என்ன செய்வது என்ற யோசனையும் அதில் இல்லை. தேங்காய், பழம், பூ வாங்கித் தட்டை நீட்டி, பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். உங்கள் பிறந்தநாளோ ஆங்கிலத் தேதியில் வருகிறது, அது உங்கள் பிறந்தநாள் என்று எந்தக் காலண்டர் தாளிலும் அச்சாகியிருப்பதில்லை, அன்று என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் இதுவரை ஒரு வழக்கம் உருவாகவும் இல்லை.

ஆனாலும் இந்த விளக்கத்தோடு அவரை முழுவதுமாக விடுவித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு மனிதருக்கு ஒரு நாள் முக்கியம் என்பதும், அந்த நாளில் அவருக்காக ஏதாவது செய்வது மரியாதை என்பதும் அவருக்குத் தெரிந்தவையே என்பதை அந்த அர்ச்சனை காட்டுகிறது. ஆகவே, ‘அவர் சுபாவம் அப்படி, இதிலெல்லாம் அவருக்கு நாட்டமில்லை’ என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால், அது பாதி உண்மை மட்டுமே. வழக்கம் இருக்கும் இடத்தில் அவர் செய்கிறார். தாமாக ஒன்றை உருவாக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறார். மனம் இருந்தால் இதில் மாற்றம் சாத்தியம்.

சுபாவ வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பது என்றால், எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை அளவுகோலை மாற்றிக்கொள்வது என்றே சொல்வேன். உங்கள் தங்கை கணவர் வெளியூர்ப் பயணமும் படமும் விரும்பும் மனிதராக இருந்தால், அவர் திருமண நாளில் செய்வது, எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் செய்யக்கூடியதுதான். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எவ்வளவு அன்பு என்பதை அந்தப் பயணத்திலிருந்து அளக்க முடியாது, ஏனென்றால் அது அவருக்கு இயல்பாக வருவது. உங்கள் கணவரைப் போன்ற ஒருவர் நான்கு வரி எழுதி உங்கள் கைப்பையில் வைத்தால், அவர் தன் இயல்புக்கு எதிராக வெகுதூரம் நடந்து வந்திருக்கிறார் என்று பொருள். ஒப்பிட வேண்டியது அவரை மற்றவரோடு அன்று, அவரையே அவரோடு. தன் பிறந்தநாளை அவர் எப்படிக் கழிக்கிறார், நெருங்கிய நண்பருக்கு என்ன செய்கிறார், திருமணமான முதல் ஆண்டில் உங்களுக்கு என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார் என்பவை பயனுள்ள கேள்விகள். யாருக்குமே இப்படிச் செய்யாதவர் என்றால் அது பெரும்பாலும் சுபாவம். முன்பு செய்து இப்போது நிறுத்தியிருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று தேட வேண்டும்.

அப்படித் தேடிய ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் மணவாழ்வு. மனைவியின் பிறந்தநாளை ஒன்பது ஆண்டுகளாகக் கணவர் கண்டுகொள்ளவே இல்லை என்பது புகார். தனியாகப் பேசியபோது, அந்தத் தேதி அவருக்கு ஒரு முறைகூட மறந்ததில்லை என்று தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாரம் முன்பிருந்தே அவருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டாம் ஆண்டில் அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த சுடிதார் துணியை, நிறம் பிடிக்கவில்லை என்று மனைவி மறுநாளே கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டார். மாமியார் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும், ‘இவருக்குத் துணி எடுக்கவே தெரியாது’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவிக்கு அது நினைவிலேயே இல்லை. கணவரோ அதன் பிறகு கடைக்குள் நுழையவில்லை. எதையாவது செய்து தோற்பதைவிட எதுவும் செய்யாமல் இருப்பது பாதுகாப்பானது என்று அவர் மனம் கற்றுக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் அந்த மனைவி அதைப் புறக்கணிப்பு என்று எண்ணினார். நான் அவர் கணவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறையாவது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் மனைவி எழுதி வைத்திருந்த காரணம் தவறாக இருந்தது.

அவர்களுக்கு நாங்கள் ஓர் எளிய ஏற்பாடு செய்தோம். பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பு மனைவி தனக்கு வேண்டிய இரண்டை மட்டும் சொல்வார். மூன்றாவதாக ஒன்றைக் கணவர் தாமே தேர்ந்தெடுப்பார். அது எப்படி அமைந்தாலும் அன்று மனைவி அதில் குறை சொல்லக் கூடாது. முதல் முறை, சொன்ன இரண்டும் அட்சரம் பிசகாமல் நடந்தன; மூன்றாவது ஒரு பேனா, மிகத் தயக்கத்தோடு கொடுக்கப்பட்டது. அடுத்து வந்த திருமண நாளில் கணவர், மனைவி படித்த கல்லூரிக்கு எதிரில் இருந்த தேநீர்க் கடைக்கு அவரை அழைத்துப் போனார். அந்தக் கடையைப் பற்றி மனைவி பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை சொன்னதை அவர் மனத்தில் வைத்திருந்தார். அதற்கடுத்த பிறந்தநாளன்று ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் வீடு வர இரவு பதினொன்றாகிவிட்டது. ஆனால் மதியமே தொலைபேசியில் அழைத்து, இன்று முடியாது, ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை செய்யவும் செய்தார். மனைவியை அதிகம் நம்ப வைத்தது எது என்று பிறகு கேட்டேன். தேநீர்க் கடை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அந்த மதிய அழைப்பு என்றார்.

இனி உங்கள் அலமாரியில் இருக்கும் புடவைக்கு வருகிறேன். கேட்டுப் பெற்றதற்கு மதிப்பில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 2011இல் பிரான்செஸ்கா ஜீனோ, பிரான்சிஸ் பிளின் என்ற இரு ஆய்வாளர்கள் அன்பளிப்புகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கொடுப்பவர்கள் தாங்களாக யோசித்துக் கொடுப்பதே அதிக அக்கறையாகத் தெரியும் என்று கருதினார்கள். பெறுபவர்களோ தாங்கள் விரும்பிக் கேட்டதையே கொடுத்தவரிடம் அதிக அக்கறையைக் கண்டார்கள். சொன்னதைக் காதில் வாங்கிச் செய்வதும் ஒருவரை மதிப்பதுதான். ஆகவே கேட்டது உங்கள் குறையன்று. ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: நாள் கடந்த பிறகு, அழுகையோடு கேட்டீர்கள். அழுகையைக் கண்டு ஓடிப்போய் வாங்கிய புடவை, உங்கள்மேல் அன்பால் வந்ததா, அந்த அழுகையை நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தால் வந்ததா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் அந்தப் புடவையை அன்புக்கு ஆதாரமாகவும் எடுக்காதீர்கள், அன்பின்மைக்கு ஆதாரமாகவும் எடுக்காதீர்கள். உங்கள் அழுகையைக் கண்டு அவர் எரிச்சல் கொள்ளாமல், கேலி செய்யாமல், எழுந்து போய் ஏதோ செய்தார் என்ற அளவில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது சிறிய விஷயமன்று.

அடுத்த மாதத்துக்குச் செய்ய வேண்டியது இதுதான். பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது, இருவருக்கும் களைப்பில்லாத ஒரு வேளையில், நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறாரே, அந்த நேரம் நல்லது. ‘போன கல்யாண நாளன்று நீங்க ஒண்ணுமே சொல்லாம படுத்தது எனக்கு ரொம்ப வலிச்சுது. எனக்கு அந்த நாளெல்லாம் முக்கியம். வர்ற பிறந்தநாளன்னைக்குக் காலையில எழுந்ததும் நீங்க வாழ்த்துச் சொல்லணும், சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வந்து நாம ரெண்டு பேர் மட்டும் வெளியில போய்ச் சாப்பிடணும். இன்னொண்ணு உங்க விருப்பம்’ என்று இந்த அளவுக்குக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘கொஞ்சமாவது அக்கறை காட்டுங்க’ என்று சொன்னால் அவருக்கு அது விளங்காது. எதைச் செய்தால் அக்கறை என்று எடுத்துக்கொள்வீர்கள் என்பதைத்தான் அவர் இத்தனை ஆண்டுகளாக அறியாமல் இருக்கிறார். தங்கை கணவரின் பெயரை அந்தப் பேச்சில் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் வேண்டுகோள் அவர் காதில் ஒப்பீடாக மட்டும் விழும். அவருடைய கைப்பேசியில் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்வதிலும் தவறில்லை. அம்மாவின் நட்சத்திரத்துக்குக் காலண்டர் தாள் செய்யும் வேலையை உங்கள் பிறந்தநாளுக்கு அது செய்யட்டும்.

இப்படிச் சொன்ன பிறகு முதல் நான்கு படிகளும் உங்கள் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. தேதி தெரியாது, மறந்துவிட்டது, அந்த நாள் முக்கியமென்று தெரியாது, என்ன செய்வதென்று தெரியாது என்ற நான்குக்கும் இனி இடமில்லை. அதன் பிறகு நடப்பதுதான் உங்களுக்கு ஏதாவது சொல்லும். அப்போதும் செலவையோ பிரமாண்டத்தையோ பார்க்காதீர்கள். நீங்கள் பேசியபோது அவர் கேட்டாரா, பிறகு அவராக ஏதாவது விசாரித்தாரா, அன்று செய்தவற்றில் உங்களைக் கவனித்திருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருந்ததா, ஏதாவது தவறிப்போனால் அதை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பவற்றைப் பாருங்கள். சொன்ன இரண்டையும் விறைப்பாகச் செய்துவிட்டு, மூன்றாவதாக எதுவும் தோன்றாமல் நின்றால், அது கூச்சப் படியில் நிற்கும் ஒருவர். அவருக்கு இன்னும் ஒன்றிரண்டு முறை தேவைப்படும். ஒரே நாளை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், உங்கள் பிறந்தநாள், அடுத்த திருமண நாள், அதற்கடுத்த பிறந்தநாள் என்று மூன்று சந்தர்ப்பங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

முடிவு நீங்கள் அஞ்சுவதாகவே இருக்கவும் கூடும். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வேறொரு பெண், தெளிவாக, அமைதியாக, மூன்று முறை தன் கணவரிடம் சொன்னார். மூன்று முறையும் அவர் ‘சின்னப் பிள்ளையா நீ’ என்று சிரித்தார், எதுவும் செய்யவில்லை, செய்யாததற்கு வருந்தவும் இல்லை. அந்த வீட்டில் காய்ச்சல் வந்தாலும் அவர் தன் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுவார். அங்கே பிறந்தநாள் எதையும் புதிதாக நிரூபிக்கவில்லை; மற்ற நாட்களில் ஏற்கெனவே தெரிந்ததை உறுதி செய்தது, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது வேறு படம். காய்ச்சலுக்கு விடுப்பு எடுப்பதும், ஒருவரும் கேட்காமல் வாரந்தோறும் டயரில் காற்றுப் பார்ப்பதும், உங்களைப் பற்றிய நினைவு அவரிடம் தொடர்ந்து இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. இதைச் சொல்வதால், பெட்ரோல் போடுவதே அவருடைய அன்பின் மொழி, அதோடு திருப்தி அடையுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரே ஓர் அன்பின் மொழிதான் உண்டு என்ற கருத்து மிகவும் பரவியிருக்கிறது. ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளியான ஒரு கட்டுரை அதற்கு வலுவான ஆதரவு இல்லை என்று சொன்னது. பெரும்பாலானோர் வார்த்தை, உதவி, நேரம் என்று எல்லாவற்றையும் முக்கியமாகவே மதிக்கிறார்கள். டயரில் காற்று இருப்பதால் வாழ்த்து வேண்டாம் என்று ஆகிவிடாது.

இதைப் படிக்கும் வேறு சில பெண்களுக்காக ஒரு சொல். அடித்த பிறகோ, கேவலமாகப் பேசிய பிறகோ, பிறந்தநாளில் நகையும் கேக்குமாக வந்து நிற்பவரின் முயற்சியை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அங்கே பார்க்க வேண்டியது அடி நின்றதா என்பதை மட்டுமே. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

உங்களிடம் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. நள்ளிரவில் உறவினர்களோடு கேக் வெட்டியபோது உங்கள் கணவரின் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதிகம் பேசாத ஒருவருக்கு, தூக்கத்தில் எழுப்பப்பட்டு, பத்துப் பேர் கைதட்ட நடுவில் நிற்பது எவ்வளவு இன்பமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. நீங்கள் அவருக்குக் கொடுத்தது, உங்களுக்கு யாராவது கொடுக்க மாட்டார்களா என்று நீங்கள் ஏங்கியதாக இருக்கலாம். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் உங்கள் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அவருடைய பிறந்தநாளன்று அவருக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றுதான் முதலில் சொல்வார். எழுந்து போய்விடாமல் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.